சட்டிக்கு ஏற்ற தீ

ஆங் மோ கியோ அவென்யூ 5 பக்கம் கெபுன் பாரு பறவைத் திடல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், உயரமான கம்பங்களின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றிய கூண்டுகளில் மெர்போக் புறாக்களும் வெள்ளைக்கண்ணிகளும் செம்மீசைச் சின்னான்களும் பாடிக்கொண்டிருக்கும். பாட்டு முடிந்ததும் அந்தக் கூண்டுகள் அக்கம்பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குத் திரும்பும். பல வீடுகளில் கூண்டு தொங்கும் இடம் சமையலறையை ஒட்டிய துணி காயப்போடும் பகுதிதான். பாத்திரங்களைப் பற்றிய இந்த அத்தியாயத்தைப் பறவைகளிடமிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகும்போது வெளிவிடும் புகை மனிதரை ஒரு நாள் காய்ச்சலில் தள்ளும். அதே புகை கூண்டுப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் இடைவிடாமல் ஓடுகிறது. உடல் எடைக்கு அது இழுக்கும் காற்றும் அதிகம். அதனால் நமக்கு வாசனைகூடத் தெரியாத புகை அதற்கு நஞ்சாகிவிடுகிறது.

அந்தப் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. 1938இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது. டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் நாம் அறிந்தது. இது எதனோடும் சேராத பொருள். அதனால்தான் தோசை ஒட்டுவதில்லை. கரண்டி கீறி ஒரு துணுக்கு உணவில் விழுந்து வயிற்றுக்குள் போனாலும், செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். மக்கள் பயப்படுவது பெரும்பாலும் இந்தத் துணுக்குகளைப் பார்த்து. நான் பயப்படச் சொல்வது சூட்டைப் பார்த்து. ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரை பூச்சு அமைதியாக இருக்கும். அதற்கு மேல் மெல்லச் சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் சிதைவு வேகமெடுத்து, நெஞ்சை அடைக்கும் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் உடல்வலியும் இருமலும் வரும். சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகும்.

260 டிகிரி வெகு தூரத்தில் இருக்கும் எண் போலத் தோன்றும். சட்டியில் குழம்போ காயோ இருக்கும்வரை அது தூரம்தான். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐ ஒட்டியே நிற்கும். காலிச் சட்டியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் கதை வேறு. மெல்லிய நான்ஸ்டிக் சட்டி சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். இதற்கு வெப்பமானி வேண்டாம். எண்ணெயே சொல்லிவிடும். செக்கு நல்லெண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரியிலும், சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 டிகிரியை ஒட்டியும் புகையத் தொடங்கும். ஆக எண்ணெய் புகைவது பூச்சு சிதைவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை. நான்ஸ்டிக்கில் எண்ணெயை முதலிலேயே ஊற்றி, பிறகு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வெறும் சட்டியில் மிளகாயும் மல்லியும் வறுத்துப் பொடி செய்யும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த வேலையை நான்ஸ்டிக்கில் செய்யாதீர்கள். எச்சரிக்க அங்கே எண்ணெயும் இல்லை, சூட்டைக் கட்டிப்போடத் தண்ணீரும் இல்லை.

அட்டைப்பெட்டியில் ‘பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.எஃப்.ஓ.ஏ என்பது பூச்சு அல்ல. பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட துணைப்பொருள். உடலிலும் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவில் பெரிய உற்பத்தியாளர்கள் 2015க்குள் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்; 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது சேர்ந்தது. அதனால் இன்றைய புதுச் சட்டியில் அந்த வாசகம் இருப்பது நல்லதே. ஆனால் அதைப் படித்துவிட்டு ‘இதில் டெஃப்லான் வகையே இல்லை’ என்று முடிவு செய்யக் கூடாது. பி.டி.எஃப்.இ பெரும்பாலும் அப்படியே இருக்கும். 260 டிகிரி எல்லையும் அப்படியே இருக்கும். கல் போலப் புள்ளி போட்டு ‘கிரானைட்’, ‘மார்பிள்’ என்று விற்பவற்றில் பலவும் இதே பூச்சுதான், புள்ளி அழகுக்கு. ‘செராமிக்’ என்று வருவது உண்மையிலேயே வேறு வகை. மணலின் இனத்தைச் சேர்ந்த கண்ணாடித்தன்மையுள்ள பூச்சு அது, அதிகச் சூட்டிலும் அந்தப் புகையை விடாது. அதன் குறை வேறு. ஒட்டாத தன்மை சீக்கிரம் போய்விடும். தினமும் சமைக்கும் வீட்டில் ஓராண்டு தாண்டினாலே பெரிது.

நான்ஸ்டிக்கைப் பராமரிப்பது பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. மரக்கரண்டி, மென்மையான பஞ்சு, நடுத்தரத் தீ. அடுக்கி வைத்தால் இடையில் ஒரு துணி. பூச்சு உரிந்து அடியில் வெள்ளை அலுமினியம் தெரிந்தால் புளி, தக்காளி எதையும் அதில் வைக்காமல் எறிந்துவிட வேண்டியதுதான். அதைப் பழக்கி மீட்க முடியாது. அங்கேதான் இரும்பு வேறுபடுகிறது.

முதலில் வார்ப்பிரும்பு. ‘இரும்பு சூட்டை நன்றாகத் தாங்கும்’ என்று சொல்லிக் கேட்டிருப்போம். உண்மையில் ஒரு கிலோ இரும்பு பிடித்துவைக்கும் வெப்பம், ஒரு கிலோ அலுமினியம் பிடித்துவைப்பதில் பாதிதான். பரவுவதிலும் இரும்பு மந்தம். அலுமினியத்தில் கால் பங்கு வேகம்கூட இராது. அப்படியிருந்தும் தோசைக்கு வார்ப்பிரும்புக் கல்லை மிஞ்ச எதுவும் இல்லாததற்குக் காரணம் அதன் எடை. 26 சென்டிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள வார்ப்பிரும்புக் கல் ஒன்றரைக் கிலோ இருக்கும். அதே விட்டத்தில் 3 மில்லிமீட்டர் அலுமினிய நான்ஸ்டிக் கல் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெருக்கிப் பார்த்தால், கனமான கல்லில் சேமித்திருக்கும் வெப்பம் மெல்லியதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு வரும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை ஒரு கரண்டி ஊற்றும்போது கல்லின் சூடு சட்டென்று இறங்கும். அலுமினியத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறதோ அதில் ஏறத்தாழ பாதிதான் வார்ப்பிரும்பில் இறங்கும். சூடு நின்றதால் தோசையின் அடி உடனே இறுகி மொறுமொறுக்கும். நான்ஸ்டிக் தோசை கிழியாமல் வந்தாலும் வெளுத்து மெத்தென்று இருப்பது இதனால்தான்.

எடையால் வரும் இந்த நன்மைக்கு விலை பொறுமை. வார்ப்பிரும்பைப் பெரிய தீயில் வைத்தால் பர்னர் வளையம் படும் இடம் கொதிக்கும், ஓரம் குளிர்ந்தே கிடக்கும். தோசையில் கருகிய வட்டமும் வெள்ளை விளிம்பும் வருவது அதன் அடையாளம். சிறிய தீயில் ஆறேழு நிமிடம் விட்டால் சூடு ஓரம்வரை நடந்து போய்ச் சேரும். நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சொட்டு பரவிச் சுர்ரென்று ஆவியானால் தோசைக்குச் சரியான பதம். உருண்டையாகத் திரண்டு பாதரசம் போல ஓடினால் கல் 200 டிகிரியைத் தொட்டிருக்கலாம். மாவு பரவாமல் கரண்டியோடு வரும். அப்போது வெட்டிய வெங்காயத்தால் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, தீயைக் குறைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். பொறுமையிழந்து சூடான கல்லைக் குழாயடியில் காட்டாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது. திடீர்க் குளிர்ச்சியில் ஒரு பகுதி சுருங்க, மற்றது சுருங்காமல் நிற்க, விரிசல் விட்டுவிடும்.

இன்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரும்பு காந்தத்தை ஈர்க்கும் பொருள் என்பதால் தட்டையான வார்ப்பிரும்புக் கல் அதில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எடுத்த எடுப்பில் முழு சக்தியில் வைத்தால் சுருளுக்கு மேலே இருக்கும் நடுப்பகுதி மட்டும் பாய்ந்து சூடேறி, குளிர்ந்த ஓரத்தோடு மல்லுக்கு நிற்கும். தாழ்ந்த அளவில் தொடங்கி இரண்டு மூன்று படியாக ஏற்றுங்கள். வளைந்த அடி உள்ள இரும்புச் சட்டியை இன்டக்ஷனுக்காக வாங்கவே வாங்காதீர்கள். கண்ணாடியைத் தொடுவது ஒரு நாணயம் அளவுதான்; அடுப்பு பாத்திரமே இல்லை என்று நினைத்து அணைந்துவிடும்.

இனி இரும்புச் சட்டி. வார்த்து எடுத்ததல்ல, தகட்டை அடித்தோ அழுத்தியோ குழித்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் குவாலி என்பதும், சீன உணவங்காடிக் கடைக்காரர் பெருந்தீயில் சுழற்றுவதும் இதன் உறவுகள்தான். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு இருப்பதால் தீயைக் கூட்டினால் உடனே சூடேறும், குறைத்தால் உடனே இறங்கும். கீழே விழுந்தால் நெளியும், உடையாது. பொரியலுக்கும் வறுவலுக்கும் தாளிப்புக்கும் இதற்கு நிகரில்லை. மெதுவாகக் கொதிக்கும் பாலுக்கும் பாயசத்துக்கும் இது ஆகாது. அடிநடுவில் தீ படும் இடம் பிடித்துக்கொள்ளும்.

என் சட்டியின் கதையைச் சொன்னால் பழக்குவது பற்றி எல்லாமே வந்துவிடும். சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடை ஒன்றில், 28 சென்டிமீட்டர் அளவில், காதுகள் அறைந்த சட்டி ஒன்றை வாங்கினேன். லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, ஆங் மோ கியோ வந்து சேர்வதற்குள் துணிப்பை முழுக்கக் கருமை ஒட்டியிருந்தது. அது துருப்பிடிக்காமல் இருக்கப் பட்டறையில் தடவிய எண்ணெயும் தூசியும். சட்டியைப் பழக்குவதற்கு முன் அது முழுவதும் போக வேண்டும். பாத்திரச் சோப்பும் கம்பி நாரும் போட்டு வெந்நீரில் மூன்று முறை தேய்த்தேன். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறத்துக்கு வரும்வரை தேய்ப்பதுதான் கணக்கு. எவ்வளவு தேய்த்தும் கறுப்பு செதில் செதிலாக வந்தால் அது பெயின்ட். அப்படிப்பட்ட சட்டியைக் கடையிலேயே நகத்தால் கீறிப் பார்த்துத் தவிர்த்துவிட வேண்டும்.

ஊரில் புதுச் சட்டியில் வடிகஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். புளித்த கஞ்சி இரும்புத் தூளையும் மேல்துருவையும் இளக்கிக் கழற்றும். அதனால் அந்த முறையில் பொருள் உண்டு. இங்கே குக்கரில் சோறு வைக்கும் நமக்குக் கஞ்சி கிடைப்பதில்லை. அரிசி கழுவிய நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துத் தேய்த்தால் போதும். கஞ்சி சட்டியைச் சுத்தம் செய்கிறது. ஒட்டாமல் ஆக்குவது எண்ணெய். அந்த வேலையைக் கஞ்சியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எண்ணெய் என்ன செய்கிறது? சூடான இரும்பின் மேல் மெல்லிய படலமாக இருக்கும் எண்ணெய், காற்றோடு சேர்ந்து இறுகி, அரக்குப் பூச்சு போல ஒரு தோலாகிவிடுகிறது. அந்தத் தோல்தான் இரும்பின் பூச்சு. நாமே போடுவது, போனால் நாமே மறுபடி போட்டுக்கொள்ளலாம். சன்னலை அகலத் திறந்து, புகைபோக்கியை ஓடவிட்டுத் தொடங்க வேண்டும். காலிச் சட்டியைப் பெரிய தீயில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் சாம்பல் நிறம் நீலமாக மாறும். அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு உள்ளும் புறமும் தேய்த்து, பிறகு வேறொரு காய்ந்த துணியால், எண்ணெயே தடவவில்லை என்று தோன்றும்படி துடைத்துவிட வேண்டும். மறுபடி சூடாக்கினால் புகை வரும். புகை தானாக நிற்கும்வரை விட்டு அணைக்க வேண்டும். இதை நான்கு முறை செய்தால் அடித்தளம் விழுந்துவிடும்.

நான் முதல் முறை செய்தபோது ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்’ என்று எண்ணெயைத் தாராளமாக விட்டுவிட்டேன். மறுநாள் சட்டி முழுவதும் பலாப்பால் தொட்டது போலப் பிசுபிசுத்தது. தடிப்பான எண்ணெய் மேலே மட்டும் இறுகி உள்ளே பச்சையாக இருந்துவிடும். அதற்கு மருந்து மேலும் எண்ணெய் அல்ல. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிய பூச்சாக மறுபடி தொடங்கினேன்.

அடுத்த தவறுதான் இந்த ஊருக்கே உரியது. பழக்கி மூன்றாம் நாள் இரவு வெண்டைக்காய் வதக்கினேன். சட்டியைக் கழுவி, பாத்திரம் வடியும் ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் உட்புறம் முழுக்க ஆரஞ்சுப் பொடி. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தை பார்த்தார்.

“ராத்திரி அடுப்புல வச்சுக் காய வச்சியா?”

“இல்ல அத்தை. நீங்க ஊர்ல கவுத்துத்தானே வைப்பீங்க?”

“அங்க கொல்லைல வெயில் காயும்மா. இங்க ஏது?”

அவர் சொன்னதுதான் காரணம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரிக் காற்று ஈரப்பதம் 82 விழுக்காட்டை ஒட்டியது. மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். விடியலுக்குச் சற்று முன் 90ஐத் தாண்டும். அதாவது நாம் சட்டியைக் கழுவி வைக்கும் நேரத்திலிருந்து எழும் நேரம்வரை காற்று தண்ணீரை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. கவிழ்த்த சட்டிக்குள் தங்கும் ஈரம் போக வழியில்லாமல், இன்னும் மெலிசாக இருக்கும் எண்ணெய்த் தோலின் துளைகள் வழியே இரும்பைத் தின்கிறது. ஆகவே இங்கே இரும்பைக் கழுவுவது என்றால் அடுப்பில் முடிகிற வேலை. கழுவியதும் துணியால் துடைத்து, சிறு தீயில் இரண்டு நிமிடம், கடைசி ஈரத் திட்டும் மறையும்வரை. அந்தச் சூட்டிலேயே நான்கைந்து சொட்டு எண்ணெயைத் தடவித் துடைத்து, நிமிர்த்தி வைக்க வேண்டும். மூடி போடக் கூடாது. வாரக்கணக்கில் ஊருக்குப் போவதானால் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். சோப்புப் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம். பழைய காலத்துக் காரச் சோப்புதான் எண்ணெய்த் தோலைக் கரைத்தது. இப்போதைய பாத்திரச் சோப்பு அதைத் தொடாது. தோலைக் கெடுப்பது தண்ணீரில் ஊறவைப்பது.

பிடித்த துருவை அத்தைதான் எடுத்தார். ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கையில் கல்லுப்பைக் கலந்து பத்து நிமிடம் தேய்த்ததும் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் அரை மணிக்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் கரைக்கத் தொடங்கும். உடனே கழுவி, காயவைத்து, இரண்டு பூச்சு எண்ணெய்.

புளி இப்படித் துருவைக் கரைப்பதைப் பார்த்தவருக்கு, புதுச் சட்டியில் புளிக்குழம்பு ஏன் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அமிலம் எண்ணெய்த் தோலை அரித்து, குழம்புக்குக் கருநிறமும் நாக்கில் காசு வைத்தது போன்ற சுவையும் தரும். முதல் மாதம் வடை, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் போன்ற எண்ணெய் வேலைகள் மட்டும் செய்யுங்கள். பிறகு வற்றல் குழம்பு வைத்தாலும் இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வாழைக்காயும் வாழைப்பூவும் கறுப்பது வேறு விஷயம்; அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. பார்க்க நன்றாயிராது, தீங்கில்லை. புளிப்பான சமையலில் இரும்புச் சத்து உணவில் இறங்குவது சோகை உள்ளவர்களுக்குச் சற்று உதவும். ஆனால் வீட்டில் தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர் இருந்தால் அவர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சியிருக்கும். அவருக்கு எவர்சில்வரில் சமையுங்கள்; மருத்துவரிடமும் கேளுங்கள்.

சமையலறை சிறிது, மூன்றையும் வைக்க இடமில்லை என்றால் என்ன வாங்குவது என்பதற்கு என் பதில் அடுப்பைப் பொறுத்தது. எரிவாயு அடுப்பில் தினமும் பொரியல் செய்கிறவருக்கு இரும்புச் சட்டி. இன்டக்ஷனில் தோசை, அடை, சப்பாத்தி என்றால் தட்டையான வார்ப்பிரும்புக் கல். மணிக்கட்டு வலி உள்ள பெரியவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் ஒன்றரைக் கிலோ கல்லை ஒரு கையால் தூக்கச் சொல்ல மாட்டேன். அங்கே சின்ன நான்ஸ்டிக் சட்டிதான் சரி. நடுத்தரத் தீ, எண்ணெய் முதலில் என்ற இரண்டும் தவறாமல் இருக்கட்டும். பறவைக் கூண்டு இருந்தால் அதைச் சமையலறைக் காற்று போகாத அறைக்கு மாற்றிவிடுங்கள். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

சட்டி பழகிவிட்டதா என்று அறிய முட்டையைப் போல நேர்மையான சோதனை இல்லை. சட்டியை நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றி, முட்டையை உடைத்து ஊற்றிவிட்டு முப்பது விநாடி தொடாதீர்கள். பழகாத சட்டியில் வெள்ளைக்கரு வேர்விட்டது போலப் பிடித்திருக்கும். பாதி பழகியதில் ஓரம் விட்டு நடு ஒட்டும். நடுவில்தான் எண்ணெய்த் தோல் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு போதும். என் சட்டி முதல் வாரத்தில் முட்டையைக் கிழித்துத்தான் தந்தது. ஒன்பதாம் வாரம், சட்டியைச் சாய்த்தபோது முட்டை தானாகவே வழுக்கித் தட்டில் விழுந்தது.